ஆட்டுக்குட்டியிலிருந்து அறுபதில் ஒரு பங்கு வரை

யூத ஆசாரம் தவறாத வீட்டில் சமையலறைச் சாமான்கள் எல்லாம் இரண்டு தொகுதியாக இருக்கும். இறைச்சிக்கு ஒரு தொகுதி, பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் இன்னொரு தொகுதி. சட்டி, தட்டு, கரண்டி, துலக்கும் நார் வரை இந்தப் பிரிவினை உண்டு. வசதி இருந்தால் பாத்திரம் கழுவும் தொட்டியும் இரண்டு. மதியம் கறி சாப்பிட்டவர்களில் பலர் ஆறு மணி நேரம் கழியும்வரை பால் விட்ட காபி குடிக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் மூலம் எது என்று மோசேயின் ஐந்தாகமத்தைப் புரட்டினால், ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை மட்டும்தான் கிடைக்கும். அதுவே யாத்திராகமம் 23, 34 ஆகிய அதிகாரங்களிலும் உபாகமம் 14லும் மாற்றமில்லாமல் மூன்று முறை வருகிறது. சாப்பிடக் கூடாது என்று அங்கே இல்லை. மாடு, கோழி, பாத்திரம், மணிக்கணக்கு எதுவுமே இல்லை.

இந்த இடைவெளி எப்படி நிரம்பியது என்று பார்த்தாலே யூதச் சட்டமான ஹலாகா வளரும் விதம் தெரிந்துவிடும். யூத மரபின் கொள்கைப்படி சீனாய் மலையில் மோசே பெற்றது இரண்டு தோரா. ஒன்று எழுதப்பட்டது. மற்றது வாய்வழியாக ஆசிரியர் மாணவருக்குச் சொல்லி வந்தது. எழுத்தில் உள்ளதை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் செய்வது என்பது இரண்டாவதில் இருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் இந்த வாய்வழி மரபைப் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வளர்ச்சி என்று பார்ப்பார்கள். எந்தப் பார்வையை எடுத்துக்கொண்டாலும் ஒன்று உறுதி: எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வசனத்தை வாசிக்கவே முடியாது. தோராச் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது. பால் என்பதற்கும் கொழுப்பு என்பதற்கும் எபிரேயத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றுதான். தாயின் கொழுப்பில் சமைக்காதே என்று ஒருவர் வாசித்தால் சுருளைக் காட்டி மறுக்க வழியில்லை. பால் என்று வாசிப்பதே கேட்டு வந்த மரபு. தல்மூத் அறிஞர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. சன்ஹெத்ரின் என்ற நூலில் இதே எடுத்துக்காட்டை வைத்து விவாதித்திருக்கிறார்கள்.

வாய்வழி மரபு எங்கும் ஒரே மாதிரி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவஞானி பிலோ இதே கட்டளைக்குக் கருணையையே காரணமாகச் சொன்னார். உயிர் கொடுத்த பாலையே குட்டியைச் சமைக்கும் சாறாக்குவது கொடுமை என்பது அவர் வாதம். ஆகவே, பாலில் இறைச்சி சமைக்க ஆசைப்படுபவன் வேறு ஆட்டின் பாலை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். தாயின் பால் அல்லாத பாலை அவர் தடுக்கவில்லை. தோராவின் அரமேய மொழிபெயர்ப்பான ஓன்கெலோஸ் நேர்மாறாக, ஆட்டுக்குட்டியையும் தாயையும் விட்டுவிட்டு, இறைச்சியைப் பாலோடு சாப்பிடாதே என்றே வசனத்தை மாற்றி எழுதிவிட்டது. பிற்கால யூத வாழ்க்கை ஓன்கெலோஸ் பக்கமே போயிற்று. வாய்வழிச் சட்டத்தை ஏற்காத காராயிமர் என்ற பிரிவினரில் பலர் இன்றைக்கும் கட்டளையைச் சொல்லளவில் எடுத்துக்கொண்டு, வேறு விலங்கின் பாலோடு இறைச்சி சாப்பிடுகிறார்கள்.

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின், வாய்வழிச் சட்டத்தை எழுதக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டைக் காக்க முடியாமல் போயிற்று. எழுதாவிட்டால் மறந்துவிடும் என்ற நிலை. சுமார் கி.பி. 200இல் கலிலேயாவில் தலைவர் யூதா தொகுத்த மிஷ்னாவே அப்படிப் பிறந்த முதல் பெரிய சட்டத்தொகுப்பு. அதில் ஹுல்லீன் என்ற நூலின் எட்டாம் அதிகாரம் முழுக்க இறைச்சியும் பாலும்தான். மீனும் வெட்டுக்கிளியும் தவிர எந்த இறைச்சியையும் பாலில் சமைக்கக் கூடாது என்று அது தொடங்குகிறது. பாலாடைக்கட்டி இருக்கும் மேசையில் கறியை வைக்கலாமா, ஒரே துணியில் இரண்டையும் முடியலாமா, ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத இரண்டு விருந்தாளிகள் ஒரே மேசையில் ஒருவர் கறியும் மற்றவர் பாலாடைக்கட்டியும் சாப்பிடலாமா என்று போகிறது. கடைசிக் கேள்விக்கு மிஷ்னா சரி என்கிறது. முன்பின் தெரியாதவன் தட்டிலிருந்து யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள் அல்லவா? பின்னால் வந்த சட்டநூல், தெரிந்தவர்களாக இருந்தால் நடுவில் அடையாளமாக ஏதாவது வைக்க வேண்டும் அல்லது தனித்தனி விரிப்பு போட வேண்டும் என்று சேர்த்தது.

மிஷ்னா விதியைச் சொல்லும். பெரும்பாலும் காரணத்தைச் சொல்லாது. காரணம் கேட்பது அடுத்த தலைமுறைகளின் வேலை. பாபிலோனியாவில் சூரா, பும்பெதித்தா முதலிய ஊர்களில் இருந்த கல்விக்கூடங்களில் மிஷ்னாவை வரிவரியாக எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அந்த விவாதங்களின் தொகுப்பு கெமாரா. மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது தல்மூத். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் பாபிலோனியத் தல்மூத் ஏறக்குறைய இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது.

வசனம் மூன்று முறை வருவது ஏன் என்று கெமாரா கேட்கிறது. தோராவில் வீண்சொல் இருக்காது என்பது அவர்கள் எடுகோள். ரபி இஸ்மாயேல் கல்விக்கூடத்தின் விடை இது: ஒன்று சமைப்பதைத் தடுக்கிறது, ஒன்று சாப்பிடுவதைத் தடுக்கிறது, ஒன்று அதிலிருந்து எந்தப் பயனும் அடைவதைத் தடுக்கிறது. அதாவது பாலில் வெந்த இறைச்சியை விற்கவும் கூடாது. ரபி அகிவா அதே மூன்றை வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறார். குட்டி என்ற சொல் மூன்று முறை வருவது மூன்றை விலக்குவதற்காக: காட்டு விலங்கு, பறவை, உண்ணத்தகாத விலங்கு. இவை மூன்றும் தோராவின் தடைக்குள் வராது. இவை தவிரவும் பல விளக்கங்கள் அந்தப் பக்கங்களில் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. விதி ஏற்கெனவே வழக்கில் இருந்தது, அதற்கு வசனத்தில் இடம் தேடினார்கள் என்று நினைக்கத் தோன்றும். பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அகிவாவின் வாசிப்பு வெறும் அலங்காரம் இல்லை. அதற்குப் பின்விளைவு உண்டு.

கோழியை எடுத்துக்கொள்வோம். கோழிக்குத் தாய்ப்பால் கிடையாது. எனவே அதைத் தடுக்கவே இல்லை என்றார் கலிலேயரான ரபி யோசே. அகிவாவும் தோரா தடுக்கவில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் ஞானிகள் தடுத்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. கோழிக் கறியைப் பாலில் சமைத்துப் பழகியவன், கறி எல்லாம் கறிதானே என்று ஆட்டுக் கறியையும் சமைத்துவிடுவான் என்ற அச்சம். தோராவைச் சுற்றிப் போடும் வேலி என்று இதற்குப் பெயர். ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று தல்மூத் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. இன்னும் சுவையான சம்பவம் ஒன்று ஷபாத் நூலில் இருக்கிறது. லேவி என்ற அறிஞர் பறவை பிடிக்கும் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். பாலில் சமைத்த மயில் தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். லேவி தொடவில்லை. திரும்பி வந்து தலைவர் யூதாவிடம் சொன்னபோது, அவர்களை ஏன் விலக்கிவைக்கவில்லை என்று அவர் கேட்டார். அது ரபி யூதா பென் பெத்தேராவின் ஊர். யோசேயின் கருத்துப்படி அவர் தம் மக்களுக்குப் போதித்திருக்கலாம் என்று நினைத்தேன் என்றார் லேவி. தான் சாப்பிடவும் இல்லை, அவர்களைத் தண்டிக்கவும் இல்லை. இன்றைக்கு ரபிகளின் வழி நடக்கும் யூத வீடு எதிலும் கோழியும் பாலும் சேராது. ஆனாலும் தோற்ற கருத்தை ஏட்டிலிருந்து அழிக்கவில்லை.

ஹலாகாவின் உள்கட்டமைப்பு இங்கேதான் கண்ணுக்குப் படுகிறது என்பது என் எண்ணம். ஒரு தடை தோராவினுடையதா, ஞானிகளின் வேலியா, ஊர் வழக்கமா என்று ஒவ்வொன்றுக்கும் அடுக்கு குறித்து வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் மூன்றையும் ஒரே கண்டிப்போடு கடைப்பிடிக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் அடுக்கு பேசும். தோராத் தடையில் சந்தேகம் என்றால் கடுமையாகத் தீர்க்க வேண்டும். வேலியில் சந்தேகம் என்றால் தளர்த்தலாம். கோழிக் குழம்பில் பால் சிந்தியதா என்பது உறுதியாகத் தெரியாவிட்டால் கிடைக்கும் சலுகை, ஆட்டுக் கறிக் குழம்புக்குக் கிடைக்காது. அதேபோல, தோரா தடுத்தது சூட்டில் சமைப்பதைத்தான். குளிர்ந்த கறியின்மேல் குளிர்ந்த பாலாடைக்கட்டியை வைத்துத் தின்பது வேலியை மீறுவது மட்டுமே. நாள் முழுக்கப் பாலில் ஊறினாலும் அது சமையல் ஆகாது என்று தல்மூத்தே சொல்கிறது. படிக்கிற மாணவன் முதலில் பழக வேண்டியது, எந்தச் செங்கல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்க்கத்தான்.

மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது? ஹுல்லீன் நூலில் மார் உக்வா தம்மைத் தாமே குறைத்துச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. என் தந்தை இன்று கறி சாப்பிட்டால் நாளை அதே நேரம்வரை பாலாடைக்கட்டி தொட மாட்டார். நானோ அதே வேளையில்தான் சேர்க்க மாட்டேன், அடுத்த வேளையில் சாப்பிட்டுவிடுவேன் என்கிறார். தந்தை திராட்சரசம் என்றால் தாம் அதிலிருந்து வந்த காடி என்பது அவர் வருத்தம். இந்த அடுத்த வேளை என்ற சொல்லை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். வேளைக்கும் வேளைக்கும் இடையே வழக்கமாக உள்ள நேரம் சுமார் ஆறு மணி என்று எடுத்தார், 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிதீஸ். பல்லிடுக்கில் கறி இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். பிரான்சின் துருவா நகரத்து ராஷி (1040–1105), கறியின் கொழுப்பு வாயில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் சுவை தரும் என்றார். ராஷியின் பேரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் எழுதிய தொசபோத் உரை இன்னும் தளர்வானது. மேசையைத் துடைத்து, உணவுக்குப்பின் சொல்லும் ஆசியைச் சொல்லிவிட்டால் அது அடுத்த வேளைதான், உடனே சாப்பிடலாம் என்றது. ஒரே சொல், ஆறு மணி நேரமும் ஆகிறது, சில நிமிடமும் ஆகிறது.

கலிலேயாவின் சபேத் நகரில் யோசேப் காரோ தொகுத்து 1565இல் வெனிசில் அச்சான ஷுல்ஹான் ஆருக் ஆறு மணி என்று தீர்த்தது. அந்தப் பெயருக்கு விரித்த மேசை என்று பொருள். கிராகோவில் மோசே இஸ்ஸெர்லெஸ், காரோ ஸ்பானிய வழி யூதர்களின் வழக்கத்தையே பெரிதும் எடுத்துக்கொண்டார் என்று கண்டு, தம் நாட்டு வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். மேசைக்கு மேல்விரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார், பண்டிதர்களின் குறும்பு. இந்த நாடுகளில் ஒரு மணி நேரம் காத்திருப்பதே வழக்கம், ஆறு மணி காத்திருப்பது நல்லது என்று அவர் எழுதினார். ஜெர்மானிய யூதர்களிடம் மூன்று மணி, டச்சு யூதர்களிடம் ஒரு மணி என்ற வழக்கங்கள் இன்றும் குடும்பம் குடும்பமாகத் தொடர்கின்றன. இவற்றில் எது சரி என்று கேட்டால், உன் வீட்டு வழக்கம் எது என்று ரபி திருப்பிக் கேட்பார்.

இனி ஒரு வழக்கை முழுதாகப் பார்ப்போம். ரபியிடம் வரும் கேள்விகளில் மிகச் சாதாரணமானது இது. அடுப்பில் நாலு லிட்டர் கறிக் குழம்பு கொதிக்கிறது. பக்கத்தில் பால் காய்ச்சியவர் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி பால் சட்டியில் தெறித்துவிட்டது. குழம்பைக் கொட்ட வேண்டுமா? பால் சுவை தெரிகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி. மூன்று வழிகளை கெமாரா தருகிறது: சுவைத்துப் பார்க்கத் தடையில்லாத இடத்தில் சுவைத்துப் பார், யூதரல்லாத சமையல்காரரைச் சுவைக்கச் சொல், அல்லது அறுபது மடங்கு இருக்கிறதா என்று பார். அறுபது என்ற எண்ணுக்கு எண்ணாகமம் 6இல் வரும் நசரேயனின் பலியை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அங்கே ஆட்டுக்கடாவை முழுதாக வேகவைத்து, அதன் முன்னந்தொடையை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும், மீதி நசரேயனுக்கு. ஆசாரியருக்கு உரிய துண்டின் சாறு மற்ற கறியில் இறங்கியும் நசரேயன் அதைச் சாப்பிடலாம் என்றால், அந்த விகிதத்தில் சுவை அடங்கிவிடுகிறது என்று அர்த்தம். எலும்போடு கணக்கிட்டால் ஒன்றுக்கு அறுபது. கறியை மட்டும் கணக்கிட்டால் நூறு வரும் என்று மறுகருத்தும் அங்கேயே இருக்கிறது. சுவைத்துப் பார்க்கும் யூதரல்லாதவரை நம்பலாம் என்கிறார் காரோ. நாம் அப்படி நம்புவதில்லை, எல்லாவற்றுக்கும் அறுபதுதான் என்கிறார் இஸ்ஸெர்லெஸ்.

நம் சட்டியில் 4000 மில்லி குழம்பு இருக்கிறது. பால் 5 மில்லி. எண்ணூறு மடங்கு. பால் குழம்புக்குள் விழுந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ரபி அடுத்து கேட்பது, எங்கே விழுந்தது என்பதை. குழம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கறித்துண்டின் மேல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மொத்தச் சட்டியும் கணக்கில் வராது. அந்தத் துண்டு மட்டுமே வரும். 5 மில்லியை அடக்க 300 மில்லி வேண்டும். துண்டின் அளவு 200 மில்லி என்றால் போதாது, துண்டு தடைப்பட்டது. இதோடு நிற்பதில்லை. தனித்தனியே உண்ணத்தக்க கறியும் பாலும் கூடியதால் அந்தத் துண்டு முழுவதுமே இப்போது ஒரு புதிய தடைப்பொருள். கவனிக்காமல் அது குழம்பில் மூழ்கி வெந்துவிட்டால், அடக்க வேண்டியது 5 மில்லி பாலை இல்லை. 200 மில்லி துண்டை. அதற்கு 12 லிட்டர் வேண்டும். சட்டியில் இருப்பது நாலு. குழம்பு முழுவதும் போயிற்று. தடைப்பட்ட சுவை உறிஞ்சிய சட்டிக்கும் தனிக் கேள்வி. மண்சட்டியாக இருந்தால் அதைச் சுத்தமாக்கச் சட்டத்தில் வழி கிடையாது. பால் விழுந்த கணமே யாராவது கிளறியிருந்தால் சுவை சட்டி முழுக்கப் பரவிப் பழைய எண்ணூறு மடங்குக் கணக்கே நின்றிருக்கும். மிஷ்னாவே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. சரி, எட்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். தடையை வேண்டுமென்றே அடக்கக் கூடாது என்ற விதி அந்த வாசலையும் மூடிவிடுகிறது.

துண்டு முழுவதும் தடைப்பொருளாவது பாலும் இறைச்சியும் சேர்ந்தால் மட்டுமா, மற்றத் தடைகளிலுமா என்று காரோவும் இஸ்ஸெர்லெஸும் பிரிகிறார்கள். காரோ பாலோடு நிறுத்துகிறார். இஸ்ஸெர்லெஸ் எல்லாத் தடைகளுக்கும் நீட்டுகிறார். ரபிப் பட்டத் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாதக்கணக்கில் உருட்டுவது இந்தப் பகுதிகளைத்தான். ஷுல்ஹான் ஆருக்கின் யோரே தேஆ பிரிவில் 87ஆம் அத்தியாயம் முதல் வரும் பகுதி, அதன் இருபக்கமும் அச்சாகும் ஷாக், தாஸ் என்ற 17ஆம் நூற்றாண்டு உரைகள், பின்னோக்கிப் போய்த் தல்மூத். விதியை மனப்பாடம் செய்தவனுக்குத் தேர்வில் வேலை இல்லை. கேட்பவர் பால் விழுந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றினால் தீர்ப்பு மாறுமா என்பதே கேள்வியாக வரும். அதன்பிறகும் அனுபவமுள்ள ரபியின் பக்கத்தில் உட்கார்ந்து நிஜமான சட்டிகளைப் பார்த்துப் பழக வேண்டும் என்பது வழக்கம்.

படிக்கும் முறையும் நூலின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தல்மூத் முழுவதையும் 1520களில் வெனிசில் அச்சிட்டவர் டேனியல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவர். நடுவில் மூலம், உள்விளிம்பில் ராஷி, வெளிவிளிம்பில் தொசபோத் என்று அவர் வைத்த அமைப்பும் தாள் எண்களும்தான் இன்றுவரை நிற்கின்றன. ராஷி சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். தொசபோத் எதிரே நின்று, வேறு நூலில் வேறு மாதிரி இருக்கிறதே என்று வழிமறிக்கும். யெஷிவா எனப்படும் கல்விக்கூடத்தில் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படிக்கிறார்கள். ஒருவர் ராஷியாக விளக்கினால் மற்றவர் தொசபோத்தாக மடக்க வேண்டும். கூடத்தில் நூறு குரல் ஒரே நேரத்தில் எழும். மௌனமாகப் படிப்பதை அங்கே யாரும் படிப்பு என்று மதிப்பதில்லை. இதற்கு வெளியே, வேலைக்குப் போகிறவர்களுக்காக மெயிர் ஷாபிரோ என்ற போலந்து ரபி 1923இல் தொடங்கிவைத்த தினம் ஒரு தாள் திட்டமும் உண்டு. மொத்தம் 2711 தாள்; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஏழரை வருடம். உலகெங்கும் ஒரே நாளில் ஒரே தாள். நாளுக்கு ஒரு தாள் என்ற வேகத்தில் மேலே பார்த்த சட்டிக் கணக்கின் ஆழத்துக்குப் போக முடியாது என்ற குறை நியாயமானதே. ஹுல்லீனில் இந்த அதிகாரம் சில வாரங்களில் கடந்துபோய்விடும்.

பழைய விதிகளை வைத்துப் புதுப் பொருளைத் தீர்ப்பது எப்படி என்பதற்குப் பாலே சான்று. பாதாம்பாலில் இறைச்சி சமைத்தால் தடை எதுவும் மீறப்படவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள். எனவே பக்கத்தில் பாதாம் பருப்பை வைக்க வேண்டும் என்று இஸ்ஸெர்லெஸ் எழுதினார். கோழி என்றால் அதுவும் தேவையில்லை, அது வேலித் தடைதானே. கொச்சி யூதர்களின் சமையலில் இறைச்சிக்குப் பசும்பால் சேராது, தேங்காய்ப்பால் சேரும். தென்னை எங்கும் இருக்கும் ஊரில் யாரும் அதைப் பார்த்துத் தப்பாக நினைக்கப் போவதில்லை. எது வழக்கமான பொருளாகிவிட்டதோ அங்கே இந்த அச்சம் தானாக விலகும் என்பதும் பின்னால் வந்த தீர்ப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட நியாயம்தான். நியூயார்க்கில் வாழ்ந்த மோசே ஃபைன்ஸ்டைன், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றையே இரண்டு தொகுதிக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், உள்ளே வைக்கும் தட்டடுக்கு மட்டும் தனித்தனியாக இருக்கட்டும் என்று எழுதினார். அதை ஏற்காத ரபிகளும் உண்டு. அந்த வீடுகளில் இயந்திரமும் இரண்டு.

இப்போது ஆய்வகத்தில் உயிரணுவிலிருந்து வளர்க்கும் இறைச்சி வந்திருக்கிறது. 2023 தொடக்கத்தில், அப்போது இஸ்ரேலின் தலைமை ரபிகளில் ஒருவராக இருந்த டேவிட் லாவு, அந்நாட்டு நிறுவனம் ஒன்றின் அத்தகைய இறைச்சியை ஆராய்ந்து உண்ணத்தக்கது என்றார். அடிப்படையில் அது இறைச்சி வகையில் சேராது என்பது அவர் வாதம். ஆனால் இறைச்சி என்று சொல்லி விற்றால், பார்ப்பவர்களின் குழப்பத்தை எண்ணிப் பாலோடு சேர்க்கக் கூடாது என்றும் சொன்னார். உயிரணு விலங்கிலிருந்து வந்ததால் வளர்ந்ததும் இறைச்சியே என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் தேடிப்போகிற பழைய பக்கங்களில் ஒன்று சன்ஹெத்ரின் நூலில் இருக்கிறது. ரபி சிமியோன் பென் ஹலப்தாவைச் சிங்கங்கள் வழிமறித்தபோது வானத்திலிருந்து இரண்டு தொடை இறங்கியதாகவும், ஒன்றைச் சிங்கங்கள் தின்றுவிட, மற்றதை அவர் கல்விக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இது உண்ணத்தக்கதா என்று கேட்டதாகவும் அங்கே கதை. உண்ணத்தகாதது எதுவும் வானிலிருந்து இறங்காது என்று அவருக்குப் பதில் கிடைத்தது. அதைப் பாலோடு சேர்க்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றைய தீர்ப்பாளர்களுக்கு அந்தக் கேள்விதான் மிச்சம்.